ஒரு மணி நேர வேலைக்கு என்ன செலவு? கராஜ் நடத்துவோருக்கு ஒரு கணக்கு

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என எந்தப் பக்கம் போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான். கொழுந்து லொறி, பாடசாலை வான், ஓட்டோ எல்லாவற்றுக்கும் கிளச்சும் பிறேக்கும் சமவெளியை விடச் சீக்கிரம் தேய்கின்றன. ஆகையால் வீதியோரக் கராஜ்களுக்கு வேலை உண்டு. தோட்டங்களிலிருந்து வந்து தொழில் பழகிய இளைஞர்கள் பலர் இவற்றில் வேலை செய்கிறார்கள். சிலர் சொந்தமாகவும் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் வேலை நிறைய இருந்தும் மாத முடிவில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்று சொல்லும் முதலாளிகளை நாம் அடிக்கடி காண்கிறோம். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம் தெரிகிறது. கூலியைக் கணக்குப் பார்த்து அவர்கள் முடிவு செய்வதில்லை. பக்கத்துக் கராஜில் என்ன வாங்குகிறார்களோ அதையே இவர்களும் வாங்குகிறார்கள். சற்றுக் கணக்குப் பார்ப்பவர்களும் மெக்கானிக்கின் மாதச் சம்பளத்தை வேலை மணிகளால் பிரித்து, அதற்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்கிறார்கள். இந்த வழி ஏன் தவறு என்பதை ஓர் உதாரணக் கணக்கின் மூலம் பார்ப்போம்.

எமது உதாரணக் கராஜ்

முதலாளி ஒருவர், மெக்கானிக்குகள் இருவர், தொழில் பழகும் உதவியாள் ஒருவர். மெக்கானிக் ஒருவருக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபா. வாரத்தில் 6 நாள் வேலை. மதிய உணவு நேரம் போக ஒரு நாளைக்கு ஏழரை மணி, வாரத்துக்கு 45 மணி. தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் தொகைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

வருடச் சம்பளம் 720,000 ரூபா. வருடத்தின் வேலை மணி, 52 வாரத்தை 45 ஆல் பெருக்க, 2,340. பிரித்தால் மணிக்கு 308 ரூபா வருகிறது. முதலாளி மனதில் வைத்திருக்கும் கணக்கு இதுதான். இனி ஒவ்வொரு படியாக ஏறுவோம்.

முதற்படி: சம்பளத்தோடு சேரும் செலவு

ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ஊழியரின் சம்பளத்தில் கழிக்கும் 8 வீதம் இதில் சேராது. அது ஏற்கெனவே சம்பளத்துக்குள் இருக்கிறது. 15 வீதம் என்பது வருடத்துக்கு 108,000 ரூபா. தீபாவளிக்கு அரை மாதச் சம்பளம் போனஸ் கொடுத்தால் இன்னும் 30,000. ஆக ஒரு மெக்கானிக்குக்கு வருடச் செலவு 858,000 ரூபா. மணிக்கு 367 ரூபா.

இரண்டாம் படி: விடுமுறை

சம்பளம் வருடம் முழுவதற்கும் கொடுக்கிறோம். வேலை வருடம் முழுவதும் நடப்பதில்லை. எமது கராஜில் வருட விடுமுறை 14 நாள், அமய விடுமுறை 7 நாள், ஞாயிறில் வருபவை போகப் போயா தினங்கள் 10, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, மே தினம், தீபாவளி, நத்தார் போன்றவை 11. மொத்தம் 42 நாள். (உங்கள் கராஜுக்குச் சட்டப்படி எத்தனை நாள் என்பதைத் தொழில் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.) 312 நாளில் இதைக் கழித்தால் மிஞ்சுவது 270 நாள், அதாவது 2,025 மணி. அதே 858,000 ரூபாவை இந்த மணிகளால் பிரித்தால் மணிக்கு 424 ரூபா.

இங்கே ஓர் எச்சரிக்கை. விடுமுறை நாட்களை மணிக்கணக்கிலிருந்து கழித்த பின், விடுமுறைச் சம்பளம் என்று செலவுப் பக்கத்திலும் தனியாக ஒரு தொகையைச் சேர்க்கக்கூடாது. அப்படிச் செய்தால் ஒரே செலவை இரு முறை எண்ணியதாகும். வருடச் சம்பளத்துக்குள் விடுமுறைச் சம்பளம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

மூன்றாம் படி: பில்லில் வராத நேரம்

மிகப் பெரிய இழப்பு இங்கேதான் இருக்கிறது. மெக்கானிக் காலை 8 மணிக்கு வந்துவிட்டார் என்பதற்காக 8 மணியிலிருந்தே பில் ஓடுவதில்லை. வண்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்டியிலிருந்து சாமான் வரும்வரை காத்திருக்கிறார். ஸ்பானர் ஒன்றைத் தேடுகிறார். முந்திய நாள் செய்த பிறேக் வேலை சரியில்லையென்று திரும்பி வந்த வண்டியை இலவசமாக மறுபடி பார்க்கிறார். மின்சாரம் இல்லாதபோது வெல்டிங் நிற்கிறது. கடும் மழை நாளில் வண்டியே வருவதில்லை.

ஏழரை மணியில் வாடிக்கையாளரின் பில்லில் ஏறுவது சராசரி நாலரை மணி, அதாவது 60 வீதம், என்று வைத்துக்கொள்வோம். 270 நாளுக்கு 1,215 மணி. 858,000 ரூபாவை 1,215 ஆல் பிரித்தால் மணிக்கு 706 ரூபா. 308 ரூபா என்று நினைத்தது, வாடகையைத் தொடுவதற்கு முன்பே, இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

இந்த நாலரை மணி என்பதை ஊகமாகச் சொல்லக்கூடாது. எழுதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை வைத்து, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், நிறுத்தியதன் காரணம் ஆகிய மூன்றையும் குறியுங்கள். நான்கு வாரம் எழுதினால் போதும். வேலை செய்த மணியும் சும்மா போன மணியும் சேர்ந்து, வரவுப் புத்தகத்திலுள்ள மணிக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் அட்டை சரியாக எழுதப்படவில்லை என்று அறியலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று மணி வேலை என்று பேசிக் கூலி வாங்கிய வேலை நான்கு மணி எடுத்தால், பில்லில் ஏறியது மூன்று மணிதான். வகுக்க வேண்டியது கூலி கிடைத்த மணிகளால். உழைத்த மணிகளால் அல்ல.

நான்காம் படி: பொதுச் செலவு

எந்த ஒரு வண்டியின் மேலும் நேராகப் போட முடியாத செலவுகள் இவை. கணக்கியல் பாடத்தில் மேந்தலை என்பார்கள். எமது கராஜின் வருடக் கணக்கு:

இட வாடகை 300,000
மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 180,000
கருவிகளின் தேய்மானமும் திருத்தமும் 120,000
கிரீஸ், துணி, வெல்டிங் கம்பி போன்றவை 96,000
அனுமதிப்பத்திரம், காப்புறுதி 45,000
உதவியாளின் சம்பளம், நிதிகள், போனஸ் 429,000
முதலாளியின் சம்பளம் 960,000
மொத்தம் 2,130,000 ரூபா

கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டியைப் பார்த்து விலை சொல்வது, சாமான் வாங்க அலைவது, கடனை வசூலிப்பது எல்லாம் முதலாளியின் வேலை. அதே வேலைக்கு இன்னொருவரை வைத்தால் என்ன கொடுக்க வேண்டுமோ அதை எழுத வேண்டும். உதவியாளின் செலவு இந்தப் பட்டியலில் இருப்பதால், அவருடைய மணிக்குப் பில்லில் தனிக் கூலி போடக்கூடாது.

இரு மெக்கானிக்குகளின் பில் மணி 2,430. பொதுச் செலவை அதனால் பிரித்தால் மணிக்கு 877 ரூபா. 706 உடன் கூட்டினால் மணிக்கு 1,583 ரூபா. இலாபம் எதுவும் சேர்க்காத அடக்கச் செலவு இது.

குறைத்து வாங்கினால் யார் இழக்கிறார்?

இந்தக் கராஜ் மணிக்கு 1,000 ரூபா வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளக் கணக்கின் 308 ரூபாவோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்கு மேல். நல்ல இலாபம் போலவே தோன்றும். லொறி ஒன்றுக்குக் கிளச் மாற்ற ஐந்து மணி என்றால் 5,000 ரூபா கூலி. உண்மைச் செலவோ 7,900 ரூபாவுக்கு மேல்.

வருடத்தில் கிடைப்பது 2,430,000 ரூபா. மெக்கானிக்குகளுக்கு 1,716,000 போனால் மிச்சம் 714,000. முதலாளி ஒரு சதமும் எடுக்காவிட்டால்கூட மற்றப் பொதுச் செலவு 1,170,000. ஆகவே 456,000 ரூபா குறைகிறது.

இந்தக் குறை எங்கே போய் விழுகிறது? முதலில் முதலாளியின் வீட்டில். அடுத்ததாகச் சேமலாப நிதியில். மெக்கானிக்கும் உதவியாளும் ஒவ்வொரு மாதமும் கேட்காத ஒரே பணம் அதுதான். அவர்கள் சம்பளத்தில் கழித்த 8 வீதத்தையும் கட்டாமல் விடும் நிலைக்குச் சில கராஜ்கள் போய்விடுகின்றன. பல வருடம் உழைத்த பிள்ளை பணத்தைக் கேட்கப் போகும்போதுதான் கணக்கில் ஒன்றும் இல்லையென்று தெரிகிறது. முதலாளிக்கும் தப்பில்லை, பிந்திய தொகைக்கு மிகைக்கட்டணம் உண்டு, தாமதம் கூடக் கூட அது 50 வீதம் வரை ஏறும். மூன்றாவதாக வாடிக்கையாளரின் தலையில். கூலியில் கிடைக்காததைச் சாமான் விலையில் ஏற்றி எடுக்கிறார்கள். அதன் பின் கராஜ் சொல்லும் எந்த விலையையும் ஊரார் நம்புவதில்லை.

எங்கே திருத்துவது?

கூலியை ஒரே நாளில் 1,000 ரூபாவிலிருந்து 1,600க்கு உயர்த்த முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அப்படியானால் முதலில் எதைத் தொடுவது என்பதையும் இந்தக் கணக்கே காட்டுகிறது.

மெக்கானிக்குகளின் மாதச் சம்பளத்தில் ஆளுக்கு 5,000 ரூபா குறைத்தால், நிதிகளும் போனஸும் சேர்ந்து வருடத்தில் மிஞ்சுவது 143,000 ரூபா. மணிக்கு 59 ரூபாதான் இறங்குகிறது. நல்ல தொழிலாளி கொழும்புக்குப் போய்விடவும் கூடும். அதற்குப் பதிலாகப் பில் மணியை நாளொன்றுக்கு நாலரையிலிருந்து ஐந்தாக உயர்த்தினால் மொத்தம் 2,700 மணி ஆகிறது. அடக்கச் செலவு 1,424 ரூபாவாக இறங்குகிறது. ஒருவர் சம்பளத்தையும் தொடாமல் மணிக்கு 158 ரூபா குறைந்துவிட்டது. பிறேக் சூ, கிளச் பிளேட் போன்ற அடிக்கடி போகும் சாமான்களைக் கையிருப்பில் வைப்பது, சாமான் வரும் நாளை உறுதி செய்த பின்பே வண்டியைக் கழற்றுவது, ஸ்பானர்களுக்கு ஒரு பலகை அடிப்பது ஆகியவை அந்த அரை மணியைத் தரக்கூடியவை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அட்டையில் நீங்கள் எழுதிய காரணங்கள் சொல்லும்.

சும்மா போன நேரத்தைத் தொழிலாளியின் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு சம்பளத்தில் வெட்டுவது பிழை. சாமான் வராததும் மின்சாரம் நின்றதும் அவர் குற்றமல்ல. அப்படி வெட்டினால் அடுத்த மாதம் அட்டையில் உண்மை இருக்காது, கணக்கும் பயன்படாது.

இக்கணக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் வண்டிகள் ஹட்டன் வழியாக ஓடுகின்றன. அதன் பின் மழைக்காலம் வருகிறது. மழை மாதத்தின் குறைந்த மணிகளால் பிரித்துக் கூலியை ஏற்றினால், வரும் சில வண்டிகளும் வேறிடம் போகும். மணி இன்னும் குறையும், அடக்கச் செலவு இன்னும் ஏறும். ஆகவே வகுப்பது எப்போதும் ஒரு சாதாரண வருடத்தின் மணிகளாலேயே இருக்க வேண்டும். அட்டை எழுதும் நான்கு வாரத்தில் இரண்டைச் சீசனிலும் இரண்டை மழையிலும் எடுத்தால் சராசரி சரியாக வரும்.

சம்பளம் கூடும்போதும், வாடகையோ மின்கட்டணமோ மாறும்போதும் கணக்கை மறுபடி போடுங்கள். ஒரு கொப்பியில் இரண்டு பக்கம் போதும். அதற்குப் பின் ஒரு வாடிக்கையாளர் கூலியைக் குறைக்கச் சொன்னால், எவ்வளவு குறைக்கலாம், எதற்குக் கீழே போனால் தொழில் பழகும் பிள்ளையின் சேமலாப நிதியில் கை வைக்க நேரிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.