உடைந்த விளிம்பிலிருந்து முழு வட்டம்

வட்டத்துக்குள் இரண்டு நாண்கள் வெட்டிக்கொண்டால், ஒவ்வொன்றும் இரு துண்டுகளாகப் பிரியும். ஒரு நாணின் துண்டுகளைப் பெருக்கினால் வரும் எண்ணே மற்ற நாணிலும் வரும். நாண்களின் முனைகளை இணைத்தால் எதிரெதிரே இரண்டு வடிவொத்த முக்கோணங்கள் கிடைப்பதே காரணம்.

உடைந்த பானையின் வாய் விளிம்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இரு முனைகளுக்கு இடையே நேர்கோட்டுத் தூரம் 12 செ.மீ. அந்தக் கோட்டின் நடுவிலிருந்து விளிம்பின் வளைவுக்குச் செங்குத்தாக 3 செ.மீ. இந்தச் செங்குத்துக்கோட்டை மறுபக்கம் நீட்டினால் அதுவே விட்டம். நாணின் துண்டுகள் 6, 6, பெருக்கினால் 36. விட்டத்தின் ஒரு துண்டு 3 என்பதால் மற்றது 12. ஆக, பானை வாயின் விட்டம் 15 செ.மீ.

துண்டு சிறியதானால் அந்தச் செங்குத்து உயரமும் மிகக் குறையும். அப்போது ஒரு மில்லிமீட்டர் பிழைகூட விடையைப் பெரிதும் மாற்றிவிடும்.