எண்பத்தாறாம் நாள் எடை பார்த்தபோது

தென் அமெரிக்காவின் படகோனியா. ஆண்டிஸ் மலையடிவார ஏரிக்கரையில் 86 நாட்களாகத் தனியாக வாழ்ந்துவந்த கார்லி ஃபேர்சைல்டை மருத்துவக் குழு எடை பார்த்தது. உடல் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கரைந்திருந்தது. எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் பி.எம்.ஐ. 16.8. போட்டி விதிப்படி 17-க்குக் கீழே போனால் வெளியேற்றம். தொடர்ந்து இருக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் அந்த முடிவு அவர் கையில் இல்லை. அப்போது களத்தில் மிஞ்சியிருந்தது அவரோடு சேர்த்து இருவர்தான்.

2015 முதல் அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனலில் வரும் ‘அலோன்’ நிகழ்ச்சியின் மூன்றாவது பருவத்தில் நடந்தது இது. 2021-இல் தமிழில் வந்த ‘சர்வைவர்’ போன்ற நிகழ்ச்சிகளில் போட்டியாளர்களைச் சுற்றிப் படப்பிடிப்புக் குழுவே நிற்கும். ‘அலோன்’ அப்படியல்ல. பத்துப் பேரை ஒருவர் கண்ணில் மற்றவர் படாதபடி தனித்தனியாக இறக்கிவிடுகிறார்கள். அனுமதிக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஆளுக்குப் பத்துப் பொருட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கேமராவையும் அவர்களே இயக்க வேண்டும். கடைசியாக நிற்பவருக்குப் பரிசு. அந்தப் பருவத்தில் அது 5 லட்சம் டாலர்.

உதவிக்கென்று ஒவ்வொருவரிடமும் ஒரு சாட்டிலைட் போன் இருக்கும். அதில் அழைத்தால் வந்து அழைத்துச் செல்வார்கள். போட்டியும் அத்தோடு முடிந்தது. கோடரி காலில் பட்டாலும், நடுராத்திரியில் கரடி வந்தாலும் வழி இது ஒன்றுதான். ஆனால் படகோ ஹெலிகாப்டரோ வந்து சேர மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அங்கே ஒருவர் கத்தியை எடுக்கும் விதத்தில்கூட நிதானம் தெரிகிறது.

காயம்பட்டவர் தானே போனை எடுப்பார். பட்டினி அப்படியல்ல. அது மெல்ல மெல்ல வருவதால், நாம் இன்னும் தாங்குவோம் என்றே மனம் சொல்லும். இதற்காகத்தான் மருத்துவர்கள் அவ்வப்போது நேரில் வருகிறார்கள். நாட்கள் செல்லச் செல்ல அடிக்கடி வருகிறார்கள். எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் பார்க்கிறார்கள். உணவு தருவதில்லை, மற்றவர்கள் நிலை என்ன என்று சொல்வதும் இல்லை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டால், 17 என்ற கோடு சுமார் 46 கிலோவில் விழும். அதற்குக் கீழே போனால் உடம்பு கொழுப்போடு நிற்காமல் தசையையும் தின்னத் தொடங்கியிருக்கும். இதயமும் தசைதான்.

ஆபத்து வெளியே அழைத்து வந்ததும் தீர்ந்துவிடுவதில்லை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு இலை நிறையச் சோறு போட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். திடீரென்று மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் ஏறும். ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும். ரத்தத்தில் அவை குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதனால் இத்தகையவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும், ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே. எவ்வளவு மெலிகிறாரோ, திரும்பும் பாதையும் அவ்வளவு ஆபத்தானது. 17 என்ற கோட்டை இன்னும் கீழே இறக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த விதிக்கு ஒரு குறையும் உண்டு. எடைதான் எல்லை என்றால், அதிக எடையோடு வருபவருக்கு அதிக நாட்கள் கிடைக்கும். போட்டியாளர்கள் பலர் வருவதற்கு முன்பே வேண்டுமென்றே கொழுப்பு ஏற்றிக்கொள்கிறார்கள். வேட்டையாடும் திறமையோடு, சும்மா கிடந்து சக்தியை மிச்சப்படுத்துவதும் ஒரு திறமையாகிவிட்டது. அதே பருவத்தில் டேவ் நெஸ்ஸியா உலர்த்திய மீனைச் சேமித்துவைத்து, அளந்து அளந்து உண்டார். கையில் மீன் இருக்கும்போதே 73-ஆம் நாள் மருத்துவர்கள் அவரை வெளியேற்றிவிட்டார்கள். குளிர்காலத்துக்குச் சேர்த்துவைப்பது சரியான புத்திதான். ஆனால் உடம்பு அதுவரை காத்திருக்கவில்லை.

மருத்துவர் அருகிலேயே நிற்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. 2013-இல் கம்போடியாவில் பிரெஞ்சு நிகழ்ச்சியான ‘கோ-லாந்தா’வின் படப்பிடிப்பு தொடங்கிய முதல் நாளே, 25 வயதுப் போட்டியாளர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். குழுவில் மருத்துவர் இருந்தார். அந்தப் பருவமே கைவிடப்பட்டது. பட்டினி பல வாரம் அவகாசம் தருகிறது. வெயிலில் ஓடும் உடம்பு சில நிமிடங்களைக்கூடத் தருவதில்லை.

ஃபேர்சைல்ட் வெளியேறியது மற்றவருக்குத் தெரியாது. மறுநாள், 87-ஆம் நாள், ஸாக்கரி ஃபௌலரின் முகாமுக்கு மருத்துவக் குழு வந்தது. 30 கிலோவுக்கு மேல் இளைத்திருந்த அவர், வழக்கமான பரிசோதனை என்றே நினைத்தார். குழுவோடு வந்திருந்தவர் அவருடைய மனைவி. அவரைப் பார்த்த பிறகுதான், தான் வென்றுவிட்டதே ஃபௌலருக்குத் தெரிந்தது.