பெட்டி அச்சை விட்டு வெளியே வர வேண்டும்

மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி இன்று பல வீடுகளில் சுவரில் தொங்குகிறது. அதன் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, அடிப்பக்கத்தின் அகலத்தையும் வாய்ப்பக்கத்தின் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. வாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்கும். கண்ணுக்கு நேராகத் தெரியும் சுவர்கள் உண்மையில் சற்று வெளிப்பக்கமாக விரிந்து நிற்கின்றன. அச்சுப் பட்டறைகளில் இந்தச் சாய்வை டிராஃப்ட் என்றோ டேப்பர் என்றோ சொல்வார்கள். அது இல்லையென்றால் பெட்டி அச்சை விட்டு வெளியே வராது. வந்தாலும் கீறலோடும் வளைவோடும்தான் வரும்.

காரணம் பிளாஸ்டிக் சுருங்குவதில் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் அச்சு இரண்டு பாதிகளாக இருக்கும். பெட்டியின் வெளிவடிவத்தைத் தரும் குழிவான பாதி கேவிட்டி. உள்வடிவத்தைத் தரும் புடைப்பான பாதி கோர். இரண்டும் மூடியபின் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பெட்டியின் சுவர். உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் அழுத்திச் செலுத்தி ஆறவிடுகிறார்கள். இந்த மாதிரிப் பெட்டிகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஆறும்போது ஏறத்தாழ 0.5 சதவீதம் சுருங்கும். 100 மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர். சுருங்கும் பெட்டி கேவிட்டியை விட்டு விலகும். கோரையோ வீங்கிய விரலில் மாட்டிய மோதிரம் போல இறுகப் பிடித்துக்கொள்ளும். அச்சு திறக்கும்போது பெட்டி கோரோடு ஒட்டியபடியே போகும். அந்தப் பக்கத்தில் இருக்கும் எஜெக்டர் பின்கள் அதைத் தள்ளி விழவைக்கும்.

சுவர் செங்குத்தாக இருந்தால், பின்கள் தள்ளத் தொடங்கிய நொடியிலிருந்து பெட்டி முழுதாகக் கழலும்வரை பிளாஸ்டிக் இரும்பை உரசிக்கொண்டே வர வேண்டும். ஒரு டிகிரி சாய்வு இருந்தால் கதை மாறிவிடும். பெட்டி இம்மியளவு நகர்ந்ததுமே நான்கு சுவர்களிலும் இடைவெளி பிறக்கிறது. அதற்குப் பிறகு உரசலே இல்லை. சாய்வு செய்யும் வேலை மொத்தமும் இவ்வளவுதான்.

இனி ஒரு பெட்டியை வரைந்து பார்ப்போம். உள்ளே வைக்க வேண்டிய சர்க்யூட் போர்டு 100 மில்லிமீட்டர் நீளம், 70 அகலம். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் விட்டு, பெட்டியின் உள்ளளவு 101 × 71. ஆழம் 50. சுவர் தடிமன் 2.5. இதை நேர்ச்சுவரோடு வரைந்து த்ரீ-டி பிரிண்டரில் எடுத்தால் போர்டு அழகாக உட்காரும். பிரிண்டருக்குச் சாய்வு தேவையில்லை. அது அச்சிலிருந்து எதையும் கழற்றுவதில்லை. அந்த மாதிரியைக் கையில் பிடித்துப் பார்த்த திருப்தியில் வரைபடத்தை அப்படியே அச்சுக்கு அனுப்புவதுதான் இந்தத் தொழிலில் வழக்கமாக நடக்கும் அவசரம்.

வழவழப்பான சுவருக்குப் பக்கத்துக்கு ஒரு டிகிரி போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்கு, ஒவ்வொரு 10 மில்லிமீட்டர் உயரத்துக்கும் சுவர் 0.175 மில்லிமீட்டர் நகரும். 50 மில்லிமீட்டர் ஆழத்தில் 0.87. எதிரெதிர் இரண்டு சுவர்களையும் சேர்த்தால் 1.75.

இந்த 1.75-ஐ எங்கே வைப்பது என்பதுதான் சாய்வின் கோணத்தைவிட முக்கியமான கேள்வி என்பேன். வாயின் அளவை 101 என்று நிறுத்திவிட்டுச் சுவர்களை உள்பக்கமாகச் சாய்த்தால், அடியில் மிஞ்சுவது 99.25. நூறு மில்லிமீட்டர் போர்டு உள்ளே இறங்காது. மாறாக, அடித்தளத்தில் 101 என்று நிறுத்தி வெளிப்பக்கமாகச் சாய்த்தால் வாய் 102.75 ஆகும். போர்டு உட்காரும், பெட்டி மேலே சற்றுப் பெருக்கும், மூடியையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். கணினியில் வரையும்போது டிராஃப்ட் கட்டளை முதலில் கேட்பதும் இதைத்தான்: எந்தத் தளத்தில் அளவு மாறாமல் இருக்க வேண்டும்? அங்கே பெட்டியின் உள் அடித்தளத்தைக் காட்ட வேண்டும். வரைபடத்திலும் ‘101, அடித்தளத்தில்’ என்று எழுதிவிடுவது நல்லது. வெறுமனே 101 என்று விட்டால், அது வாயளவா அடியளவா என்பதை அச்சு செய்பவர் தன் ஊகப்படி முடிவுசெய்வார்.

பெட்டிக்கு வெளியே சொரசொரப்பான மேட் ஃபினிஷ் வேண்டும் என்று விற்பனைக்காரர்கள் கேட்பார்கள். கைரேகை தெரியாது, கீறலும் மறையும். ஆனால் சொரசொரப்பு என்பது கேவிட்டிச் சுவரில் பொறித்த ஆயிரக்கணக்கான சிறு பள்ளங்கள். பிளாஸ்டிக் அவற்றுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். பள்ளத்தின் ஆழம் 0.025 மில்லிமீட்டர் என்றால் வழக்கமான சாய்வுக்கு மேல் இன்னும் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி சேர்க்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. நம் பெட்டியில் அது 2.5 டிகிரி வரை போகும். வாய் அடியைவிட 4.4 மில்லிமீட்டர் பெரிதாகும். வெளிச்சுவரை மட்டும் சாய்த்து உள்சுவரை விட்டுவிடலாமே என்றால், சுவரின் தடிமன் மேலும் கீழும் வேறுபடும். தடித்த இடம் மெதுவாக ஆறிக் குழிவிழும். என் யோசனை, சொரசொரப்பை மூடியின் மேல்முகத்துக்கு மட்டும் கொடுப்பது. அந்த முகம் அச்சு திறக்கும் திசைக்குக் குறுக்கே இருப்பதால் அதற்குச் சாய்வே வேண்டாம். சுவரில் மாட்டியபின் நேராகக் கண்ணில் படுவதும் அதுதான்.

உள்ளே வலுவுக்கு நிறுத்தும் மெல்லிய தடுப்புகளான ரிப்களில் சாய்வு வேறு விதமாக வேலை காட்டும். ரிப்பின் அடி, சுவர்த் தடிமனில் 60 சதவீதத்தைத் தாண்டினால் பெட்டியின் வெளிமுகத்தில் பள்ளம் தெரியும் என்பதால் 1.5 மில்லிமீட்டரில் தொடங்குகிறோம். இருபக்கமும் ஒரு டிகிரி. 20 மில்லிமீட்டர் உயரத்தில் நுனி 0.8 ஆகிறது. 30 உயர்த்தினால் நுனி அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய், பிளாஸ்டிக் அதுவரை நிரம்புவதே சந்தேகமாகிவிடும். ஆகவே ஒரு உயரமான ரிப்புக்குப் பதில் இரண்டு குட்டை ரிப்கள்.

இப்போது பார்ட்டிங் லைன். அச்சின் இரண்டு பாதிகளும் சந்திக்கும் கோடு அது. பெட்டியில் மெல்லிய கோடாக அதன் தடம் கட்டாயம் தெரியும். அச்சு தேயத் தேய அந்தக் கோட்டில்தான் பிளாஸ்டிக் கசிந்து பிசிறு கிளம்பும். சில நூறில் மில்லிமீட்டர் இடைவெளியே அதற்குப் போதும். எனவே கோட்டை எங்கே வைத்தால் பார்வைக்கும் கைக்கும் தொந்தரவில்லை என்று முதலிலேயே தேட வேண்டும். சாய்வின் திசையைத் தீர்மானிப்பதும் இந்தக் கோடுதான். கோட்டிலிருந்து விலக விலக, அந்தந்தப் பாதிக்குள் பொருள் ஒடுங்கிக்கொண்டே போக வேண்டும்.

நம் பெட்டியின் வெளிச்சுவர் நடுவே கோட்டை வைத்தால், வெளிச்சுவர் அங்கே புடைத்து மேலும் கீழும் ஒடுங்கும். உள்சுவரோ ஒரே திசையில்தான் சாய்ந்திருக்கும். நடுவில் சுவர் தடிக்கும். பிசிறும் பெட்டியின் முகத்துக்கு நடுவே கிளம்பும். வாயின் வெளிவிளிம்பில் வைத்தால் உள்சுவரும் வெளிச்சுவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தடிமன் சீராக இருக்கும். கோடு ஒரே மட்டத்தில் ஓடுவதால் இரும்பைப் பொருத்துவதும் எளிது. மூடியை அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிவிட்டால் கோடும் பிசிறும் அதன் கீழே மறைந்துவிடும்.

இவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும், வயர் நுழையப் பக்கச்சுவரில் ஓட்டை வேண்டாமென்றால். பக்கச்சுவர் ஓட்டையை உருவாக்கும் இரும்பு, அச்சு திறக்கும் திசைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை முதலில் பக்கவாட்டில் இழுத்தால்தான் பெட்டி கழலும். அதற்கு சைடு கோர் வைப்பார்கள்: சாய்ந்த ஊசியால் நகரும் ஒரு இரும்புக் கட்டை. அச்சின் விலையும் பராமரிப்பும் அதோடு ஏறிவிடும்.

மாற்று வழி, ஓட்டையை வாய் விளிம்புவரை திறந்து ‘ப’ வடிவ வெட்டாக்கி, மேற்பாதியை மூடியில் வைப்பது. வெட்டின் வடிவத்தில் ஒரு இரும்பு நாக்கு கோரிலிருந்து நீண்டு கேவிட்டியைத் தொட்டு நிற்கும். பார்ட்டிங் லைன் அந்த இடத்தில் விளிம்பை விட்டு இறங்கி, வெட்டைச் சுற்றி மீண்டும் ஏறும். இங்கே கவனம் வேண்டும். இரும்பும் இரும்பும் உரசி அடைக்கும் முகத்துக்கு ஒரு டிகிரி போதாது. அந்தக் கோணத்தில் 0.01 மில்லிமீட்டர் இடைவெளியை அடைக்க நாக்கு 0.57 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்க வேண்டும். ஒவ்வொரு முறை மூடும்போதும் நெடுந்தூரம் உரசித் தேயும். 5 டிகிரியில் அதே இடைவெளிக்கு 0.11 போதும். குறைந்தது 3, முடிந்தால் 5 என்பது அதனால்தான்.

அச்சுக்கு அனுப்புமுன் சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில் டிராஃப்ட் சோதனையை ஓட்டிப் பார்க்கலாம். திறக்கும் திசையைக் காட்டினால், சாய்வு உள்ள முகங்கள் பச்சையாகவும் எதிர்ப்பக்கம் சாய்ந்தவை சிவப்பாகவும், போதாதவை மஞ்சளாகவும் தெரியும். நம் பெட்டியில் மஞ்சள் அனேகமாகக் கடைசியில் சேர்த்த சின்ன விஷயங்களில்தான் வரும்: ஸ்க்ரூ தூணின் துளை, போர்டைத் தாங்கும் படி. முனைகளை வளைப்பதற்கு முன்பே சாய்வைச் சேர்த்துவிட வேண்டும். பின்னால் சேர்த்தால் கட்டளை பாதி இடங்களில் தோற்கும்.

முதல் சோதனை ஓட்டத்தில் சாய்வு போதவில்லை என்பதைப் பெட்டியே காட்டிவிடும். திறக்கும் திசையில் நேர்கோடுகளாகக் கீறல் இருக்கும். எஜெக்டர் பின் தள்ளிய இடங்கள் வெளுத்திருக்கும். கழலும்போது கீச்சென்ற சத்தமும் கேட்கலாம். பெட்டி கோரோடு வராமல் கேவிட்டியிலேயே தங்கிவிட்டால் சிக்கல் வெளிச்சுவரில் இருக்கிறது. அந்தப் பக்கம் தள்ளப் பின்கள் கிடையாது. உடனே கேவிட்டியை மெருகேற்றச் சொல்வார்கள். குறுக்குவாட்டில் தேய்த்த மெருகு பளபளத்தாலும் அதன் நுண்ணிய வரிகள் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும். கடைசித் தேய்ப்பு அச்சு திறக்கும் திசையிலேயே இருக்க வேண்டும்.