'malai' என்றால் மலையா, மாலையா?

வீடியோவின் கீழே 'malai' என்று வரி ஓடுகிறது. அது மலையா, மாலையா, மழையா? ஆங்கில எழுத்தில் குறில், நெடில் தெளிவாகத் தெரியாது. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி எழுத்தும் இல்லை. வாசிப்பவர் முன்பின் சொற்களை வைத்துப் பொருளை ஊகிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். தமிழ் எழுத்தில் பழகிய கண்ணுக்கு 'மழை' பார்த்ததும் புரிகிறது.

தேடலிலும் இதே சிக்கல்தான். ஒருவர் mazhai என எழுதுவார், இன்னொருவர் mazai, மற்றொருவர் malai. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் ஒன்றைத் தட்டினால் மற்றவை சிக்காது. தமிழில் 'மழை' ஒன்றே.

ஆனால் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில எழுத்தே வழி. ஆகவே வசன வரியைத் தமிழ் எழுத்திலேயே போட்டாலும், அவர்களுக்காகத் தலைப்பில் மட்டும் ஆங்கில எழுத்து வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.