கேட்டில் கேட்கும் முதல் கேள்வி

அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள். வருகிறவர் யார், எந்த வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் உள்ளே விடக்கூடாது. வந்தவர் அந்த வீட்டுக்கு வழி தெரியாமல் திண்டாடவும் கூடாது. பல குடியிருப்புகளில் முதல் வேலை நடக்கும் விதமே இரண்டாவதைக் கெடுத்துவிடுகிறது. “ஹலோ, எங்க போறீங்க? நில்லுங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தால், தங்கை வீட்டுக்குப் பலகாரத்தோடு வந்தவர்கூட ஒரு கணம் தப்பு செய்தவர் போல நின்றுவிடுகிறார். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றுதான். அவை விசாரணையாகத் தோன்றுவதும் உதவியாகத் தோன்றுவதும் எதை முதலில் சொல்கிறோம், காரணத்தைச் சொல்கிறோமா என்பதைப் பொறுத்தது.

நல்ல செக்யூரிட்டி முதலில் எழுந்து நிற்கிறார். நடந்து வருகிறவரிடம் இரண்டடி முன்னே போகிறார். கார் என்றால் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து சற்றுக் குனிகிறார். கையிலிருக்கும் டார்ச் வெளிச்சம் தரையில் விழ வேண்டும், வந்தவர் முகத்தில் அல்ல. பிறகு “வணக்கம் சார், யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்கிறார். இந்தக் கேள்வி வந்தவரைப் பற்றியதல்ல, அவர் போக வேண்டிய வீட்டைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்லும்போதே வீட்டு எண்ணும் வீட்டுக்காரர் பெயரும் தாமாக வந்துவிடுகின்றன. அடுத்தது, “யார் வந்திருக்காங்கன்னு அவங்ககிட்ட சொல்லட்டும்?” பெயரைக் கேட்கும் அதே வாக்கியத்தில் ஏன் கேட்கிறோம் என்பதும் அடங்கிவிட்டது. மூன்றாவதாக, “ஒரு நிமிஷம் சார், இன்டர்காம்ல சொல்லிட்டு அனுப்பறேன்.” எதற்காக, எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று தெரிந்தவருக்கு நிற்பது பெரிதாகத் தெரியாது. காரணம் தெரியாமல் நிற்க வேண்டியிருந்தால்தான் எரிச்சல் வருகிறது.

இந்தக் கேள்விகளில் வீட்டு எண்ணையும் பெயரையும் வந்தவர்தான் சொல்ல வேண்டும். செக்யூரிட்டி முந்திக்கொண்டு “பி 302 குமார் சார் வீடா?” என்று எடுத்துக்கொடுத்தால், கெட்ட எண்ணத்தோடு வந்தவருக்குத் தலையை ஆட்டினாலே போதும். மரியாதையாகப் பேசுவது என்றால் தகவலை அள்ளிக்கொடுப்பது என்று நினைப்பதுதான் கேட்டில் அடிக்கடி நடக்கும் பிழை. உதவி செய்யும் ஆர்வத்தில் நடப்பதால் அது பிழையாகத் தெரிவதும் இல்லை.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். நான்கு பிளாக்குகள் உள்ள ஒரு சென்னைக் குடியிருப்பு. ஞாயிறு மாலை ஆட்டோவில் வயதான கணவன் மனைவி இருவர் வந்து இறங்குகிறார்கள். கையில் இரண்டு ஒயர் கூடைகள். “குமார் வீட்டுக்குப் போகணும் தம்பி” என்கிறார் பெரியவர். வீட்டு எண் எழுதிய காகிதம் ஊரிலேயே தங்கிவிட்டது. அந்தக் குடியிருப்பில் மூன்று குமார்கள் இருக்கிறார்கள்.

“வாங்கய்யா, வாங்கம்மா. கூடையை இப்படி வச்சிட்டு உட்காருங்க” என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, “எந்த பிளாக்குன்னு சொன்னாங்களாய்யா? சார் எங்க வேலை பார்க்கிறாரு?” என்று கேட்கிறார் செக்யூரிட்டி. “பேங்குல. ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க. பெரியவ இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா” என்கிறார் அந்த அம்மா. எந்தக் குமார் என்று செக்யூரிட்டிக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் அவர் வீட்டு எண்ணைச் சொல்லவில்லை. “ஒரு நிமிஷம் இருங்கய்யா, அவங்ககிட்ட சொல்லிடறேன்” என்று இன்டர்காமை எடுக்கிறார். யாரும் எடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். “வீட்ல யாரும் இல்லைங்க” என்பது நாக்கு நுனியில் நிற்கும் வாக்கியம். ஆனால் ஒரு வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்பதை முன்பின் தெரியாதவரிடம் சொல்லும் வாக்கியமும் அதுதான். “இன்டர்காம் எடுக்கலய்யா, செல்லுக்குப் போட்டுப் பார்க்கிறேன்” என்பதில் பொய்யும் இல்லை, தகவலும் கசியவில்லை. பெரியவர் தம் கைப்பேசியை நீட்டி, “நானே பேசித் தாரேன், நீங்க கேட்டுக்குங்க” என்கிறார். செக்யூரிட்டி அதை வாங்குவதில்லை. மறுமுனையில் பேசுகிறவர் அந்த வீட்டுக்காரர்தான் என்பதற்கு அந்தப் பேச்சில் எந்த உத்தரவாதமும் இல்லை. யாரோ ஒருவர் “ஆமா, அனுப்புங்க” என்று சொல்லிவிடலாம். பெரியவரைச் சந்தேகப்படுவதாகக் காட்டாமல் இதைக் கடக்க ஒரு வாக்கியம் போதும்: “நீங்க பேசுங்கய்யா. நானும் எங்க லிஸ்ட்ல இருக்கிற நம்பருக்கு ஒரு தடவை சொல்லிடறேன், எல்லாருக்கும் இப்படித்தான்.” சங்கம் கொடுத்திருக்கும் பட்டியலில் உள்ள எண்ணுக்கு அவரே அழைக்கிறார். “சார், கேட்ல இருந்து பேசறேன். தென்காசியில இருந்து சண்முகம்னு ஒரு ஐயாவும் அம்மாவும் உங்களைப் பார்க்க வந்திருக்காங்க. அனுப்பலாமா?” மறுமுனையில், “மாமாவா? உடனே அனுப்புங்க. இதோ பக்கத்துக் கடையிலதான் இருக்கேன்” என்று பதில் வருகிறது.

இனி வழி. வழி சொல்கிறவருக்கு அந்த வளாகம் மனப்பாடம், கேட்கிறவருக்கோ எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரிதான். அதனால் ‘பி பிளாக், மூணாவது மாடி’ என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் சி பிளாக் லிஃப்ட்டில் ஏறுவார்கள். “இப்படியே நேரா போனீங்கன்னா ஒரு பிள்ளையார் கோயில் வரும். அதுக்கு எதிர்ல இருக்கிறதுதான் பி பிளாக். லிஃப்ட்ல மூணை அழுத்துங்க. வெளிய வந்ததும் இடது பக்கம் ரெண்டாவது கதவு.” கண்ணில் படும் ஓர் அடையாளம், எங்கே நிற்க வேண்டும், கடைசித் திருப்பம் எந்தப் பக்கம். இதற்கு மேல் சொன்னால் நினைவில் நிற்காது. விரலை நீட்டாமல் உள்ளங்கை திறந்த கையால் திசை காட்டுவது நல்லது. மேலும் ஒன்று: வீட்டு எண்ணையும் வழியையும் சொல்வது வீட்டுக்காரர் சம்மதம் சொன்ன பிறகுதான்.

வீட்டுக்காரர் ‘வேண்டாம், அனுப்பாதீங்க’ என்று சொல்லும் சந்தர்ப்பமும் வரும். அந்தச் சொற்களை அப்படியே ஒப்பிக்கக்கூடாது. “இப்ப பார்க்க முடியாத நிலைமையில இருக்காங்களாம் சார். நீங்களே ஒரு தடவை பேசிட்டு வந்துடுங்க” என்றால் வந்தவரின் மானமும் போகாது, கேட்டும் திறக்காது. வந்தவர் குரலை உயர்த்தினால் செக்யூரிட்டி அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்கிறார். அதற்கும் அடங்காவிட்டால் சூப்பர்வைசரையோ சங்கச் செயலாளரையோ அழைக்கிறார். கை வைப்பதற்கோ, ஆளைப் பிடித்து நிறுத்தி விசாரிப்பதற்கோ அவர் போலீஸ்காரர் இல்லை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், போலீஸ், இராணுவச் சீருடையைப் போலத் தோன்றும் உடையைக் காவலாளி அணிவதையே குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2006-இல் வகுத்த மாதிரி விதிகள், புதிதாகச் சேர்கிறவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்றன. அந்தப் பாடங்களின் பட்டியலில் முதலில் நின்றது பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை. நடைமுறையில், ஊரிலிருந்து நேற்று வந்தவர் இன்றிரவே சீருடை மாட்டி கேட்டில் நிறுத்தப்படுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அவர் முரட்டுத்தனமாகப் பேசினால் குறை அவரிடம் மட்டும் இல்லை. ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவர் என்றால் “வணக்கம், யார் வீட்டுக்கு?”, “ஒரு நிமிஷம்”, “நேரா போங்க” போன்ற சில வாக்கியங்களையாவது சங்கத்தார் பழக்கிக்கொடுக்க வேண்டும். தமிழில் தடுமாறுகிறவரின் ஒற்றைச் சொல் கேள்வி, அவர் நினைக்காத அளவுக்குக் கடுமையாகக் காதில் விழும்.

சந்தேகம் சொற்களில் மட்டும் வெளிப்படுவதில்லை, யாரைக் கேட்கிறோம் என்பதிலும் வெளிப்படுகிறது. காரில் வருகிறவருக்கு சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டு, பைக்கில் வந்தவரிடம் மட்டும் நோட்டை நீட்டினால், நோட்டு எதற்காக என்று பைக்காரருக்குப் புரிந்துவிடும். வெயிலில் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி இளைஞரிடம் ‘டேய், எங்க?’ என்பதும், அதே வயதில் இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறவரிடம் ‘சார்’ என்பதும் பாதுகாப்பு அல்ல. அது பாதுகாப்பைக் குலைக்கவே செய்கிறது: திருட வருகிறவருக்கு இஸ்திரிச் சட்டை வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி என்பது மரியாதைக்கு எவ்வளவு தேவையோ, காவலுக்கும் அவ்வளவு தேவை. ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வதும் அப்படித்தான். முதலில் வணக்கம், பிறகு “கேமராவுல முகம் தெரியணும், கொஞ்சம் கழற்றிக்கிறீங்களா?” என்றால் பெரும்பாலோர் முணுமுணுக்காமல் கழற்றுவார்கள். ஆம்புலன்ஸ் மட்டும் விதிவிலக்கு. கேட் உடனே திறக்க வேண்டும், எந்த வீட்டுக்கு என்பதை வண்டி நகர நகரக் கேட்டால் போதும், எழுதுவதெல்லாம் பிறகு.

வருகைப் பதிவேட்டில் பெயர், செல் எண், வீட்டு எண், வண்டி எண், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். பல கேட்டுகளில் அது விரித்தபடி மேசையில் கிடக்கிறது. காலையிலிருந்து வந்த அத்தனை பேரின் எண்ணையும் அடுத்து வருகிறவர் படிக்கலாம், போட்டோவும் எடுக்கலாம். தன் எண்ணை எழுதப் பெண்கள் தயங்குவதற்கு இது போதுமான காரணம். ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டிய அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனால் எழுதுகிறவருக்குத் தன் வரி மட்டும்தான் தெரியும். இல்லையென்றால் செக்யூரிட்டியே கேட்டு எழுதலாம், ஆனால் பின்னால் நிற்கிறவர் காதில் விழாத குரலில். செல்போன் செயலி வைத்திருக்கும் குடியிருப்புகளில் வீட்டுக்காரரின் ஒப்புதல் திரையிலேயே வந்துவிடும். அங்கேயும் செக்யூரிட்டி தலையைக் குனிந்து திரையைத் தட்டியபடி “பேரு? நம்பரு?” என்று கேட்டால் பழைய விசாரணைதான்.

எல்லோரும் மறப்பது ‘போன நேரம்’ என்ற கட்டத்தை. இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெரியவரும் அம்மாவும் திரும்பி வரும்போது, “வீடு சுலபமா கிடைச்சுதாய்யா? ஆட்டோ கூப்பிடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே செக்யூரிட்டி நேரத்தைக் குறித்துவிடுகிறார். ஷிஃப்ட் மாறும்போது பகல் ஆள் இரவு ஆளிடம் சாவியோடு சேர்த்து இன்னும் நிரம்பாத கட்டங்களையும் ஒப்படைக்க வேண்டும்: எந்த வீட்டில் எந்த விருந்தாளி இருக்கிறார், இரவு தங்குகிறாரா, விசிட்டர் பார்க்கிங்கில் நிற்கும் வண்டி யாருடையது. அது நடக்காத இடத்தில், முறையாகச் சொல்லிவிட்டு உள்ளே போன விருந்தாளி நள்ளிரவில் வெளியே வரும்போது, முகம் தெரியாத புது ஆள் அவரை மறித்து, எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்கிறார்.