கட்டத்தின் மேல் வரிசை

மரபியல் வீட்டுப்பாடத்தில் பிள்ளைகள் பன்னட் கட்டத்தை நேர்த்தியாகவே வரைகிறார்கள். கோடுகள் நேராக இருக்கும், எழுத்துகள் அழகாக இருக்கும், விடை மட்டும் தப்பாக இருக்கும். பெரும்பாலும் பிழை கட்டத்துக்குள் நடப்பதில்லை. கட்டத்தின் மேலேயும் இடது ஓரத்திலும் இனச்செல்களை எழுதுகிற இடத்திலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் மூலம் மெண்டலின் பட்டாணி. இன்று செக் நாட்டில் இருக்கும் பிரனோ நகரின் மடத்துத் தோட்டத்தில் அவர் வளர்த்த செடிகளின் முடிவுகள் 1866-இல் அச்சாயின. கட்டம் அவர் போட்டதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ரெஜினால்ட் பன்னட் கொண்டுவந்தது அது. மெண்டல் விதைகளை எண்ணினார். அந்த எண்ணிக்கையையே நம் பயிற்சியாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு பண்புக் கலப்பு. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அந்தக் கலப்புயிரிச் செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது 7324 விதைகள் கிடைத்தன. 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

உருண்டைக்கு R என்றும் சுருக்கத்துக்கு r என்றும் வைத்தால், கலப்புயிரியின் ஜீனாக்கம் Rr. செடியில் எழுத்து இரண்டு; ஆனால் ஒவ்வொரு மகரந்தத்துக்கும் ஒவ்வொரு முட்டைச் செல்லுக்கும் ஒன்றுதான் போகும். பாதியில் R, பாதியில் r. மேலே R, r, ஓரத்தில் R, r என்று எழுதிக் கட்டத்தை நிரப்பினால் RR ஒன்று, Rr இரண்டு, rr ஒன்று. R ஓங்கு பண்பு என்பதால் RR-உம் Rr-உம் உருண்டையாகவே தெரியும். அதனால் புறத்தோற்ற விகிதம் 3:1, ஜீனாக்க விகிதம் 1:2:1. கேள்வியில் எந்த விகிதம் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் 3:1 என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

கட்டத்தில் நான்கு அறைகள் இருப்பதால் நான்கு விதைக்கு ஒன்று கட்டாயம் சுருங்கியிருக்கும் என்று பொருளில்லை. மெண்டல் செடிவாரியாகவும் எண்ணியிருக்கிறார். ஒரு செடியில் 45 உருண்டை, 12 சுருங்கியவை. இன்னொன்றில் 19-க்கு 10. ஒரு செடியில் 43-க்கு வெறும் 2. மற்றொன்றில் 14 உருண்டை, 15 சுருங்கியவை! ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியாக உள்ள வாய்ப்பைத்தான் சொல்கிறது. இது பட்டாணியோடு நிற்கும் விஷயமும் அல்ல. தலசீமியா மரபணுவைத் தாங்கிய கணவன் மனைவிக்கு முதல் குழந்தை நோயோடு பிறந்துவிட்டால், ‘அந்த ஒன்று போயிற்று, இனி மூன்றும் நலமாக இருக்கும்’ என்று எண்ணுவது ஆபத்தான பிழை. அடுத்த குழந்தைக்கும் அதே நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

இனி இரு பண்புக் கலப்பு. விதையின் வடிவத்தோடு நிறத்தையும் சேர்த்துக்கொள்வோம். மஞ்சள் Y ஓங்கு, பச்சை y ஒடுங்கு. கலப்புயிரி RrYy. இதன் இனச்செல்கள் எவை?

சிலர் Rr, Yy என்று எழுதுவார்கள். சிலர் R, r, Y, y என்று தனித்தனியாகப் பிரிப்பார்கள். இரண்டுமே தவறு. ஓர் இனச்செல்லில் ஒவ்வொரு பண்புக்கும் ஓர் எழுத்து இருந்தாக வேண்டும், ஒன்றுக்கு மேல் இருக்கவும் கூடாது. R-ஐப் பிடித்துக்கொண்டு அதோடு Y-ஐயும் y-ஐயும் சேர்க்க வேண்டும். பிறகு r-ஐப் பிடித்து அதே போல. RY, Ry, rY, ry என்று நான்கு கிடைக்கும். சரிபார்ப்பதும் எளிது. நிரப்பிய பிறகு எந்த அறையிலாவது நான்கு எழுத்துகள் இல்லையென்றாலோ, ஒரே பண்பின் எழுத்து மூன்று முறை வந்தாலோ, மேல் வரிசைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

```
      RY    Ry    rY    ry
RY   RRYY  RRYy  RrYY  RrYy
Ry   RRYy  RRyy  RrYy  Rryy
rY   RrYY  RrYy  rrYY  rrYy
ry   RrYy  Rryy  rrYy  rryy
```

எண்ணிப் பாருங்கள். R-உம் Y-உம் குறைந்தது ஒவ்வொன்றாவது உள்ள அறைகள் ஒன்பது. அவை உருண்டை மஞ்சள். உருண்டைப் பச்சை மூன்று, சுருங்கிய மஞ்சள் மூன்று, சுருங்கிய பச்சை ஒன்று. மெண்டலுக்குக் கிடைத்த 556 விதைகளில் இவை முறையே 315, 108, 101, 32. கட்டம் எதிர்பார்ப்பது ஏறத்தாழ 313, 104, 104, 35.

அந்த ஒன்பது அறைகளும் பார்வைக்கு ஒன்றுதான். உள்ளே நான்கு ஜீனாக்கங்கள் ஒளிந்திருக்கின்றன: RRYY ஒன்று, RRYy இரண்டு, RrYY இரண்டு, RrYy நான்கு. விதையைக் கையில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மெண்டல் அந்த 315 விதைகளையும் விதைத்தார். 301 செடிகள் விதை தந்தன. 38 செடிகளில் உருண்டை மஞ்சள் மட்டுமே வந்தது, அவை RRYY. 65 செடிகளில் எல்லாம் உருண்டை, ஆனால் நிறம் மஞ்சளும் பச்சையுமாகப் பிரிந்தது, அவை RRYy. 60 செடிகளில் எல்லாம் மஞ்சள், வடிவம் மட்டும் பிரிந்தது, அவை RrYY. மீதி 138 செடிகளில் நான்கு வகையும் வந்தன. பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோரின் ஜீனாக்கத்தைப் படிக்கும் இந்த வேலை, என்னைக் கேட்டால், 9:3:3:1-ஐக் காட்டிலும் அழகானது.

பதினாறு அறைகளை எண்ணச் சோம்பல் என்றால் பெருக்கலாம். உருண்டை 3/4, மஞ்சள் 3/4. இரண்டும் சேர்ந்து 9/16. RrYy வேண்டுமானால் 1/2 × 1/2, அதாவது 4/16. மூன்று பண்புகள் வந்தால் கட்டம் 64 அறையாகப் பெருகிவிடும். அப்போது பெருக்கல்தான் கைகொடுக்கும்.

ஆனால் இப்படிப் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நான்கு வகை இனச்செல்களும் சம அளவில் உருவாக வேண்டும். அது எப்போதும் நடப்பதில்லை என்பதைக் கண்டவர்களில் பன்னட்டும் ஒருவர். அவரும் பேட்சன், சாண்டர்ஸ் ஆகியோரும் ஸ்வீட் பீ என்ற பூச்செடியில் ஊதாப் பூவும் நீள மகரந்தமும் உள்ளதை, சிவப்புப் பூவும் உருண்டை மகரந்தமும் உள்ளதோடு கலந்தார்கள். ஊதாவும் நீளமும் ஓங்கு பண்புகள். இரண்டாம் தலைமுறையின் 6952 செடிகளில் ஊதா நீளம் 4831, ஊதா உருண்டை 390, சிவப்பு நீளம் 393, சிவப்பு உருண்டை 1338. பதினாறில் ஒன்று என்ற கணக்குப்படி கடைசி வகை ஏறத்தாழ 435 இருந்திருக்க வேண்டும். மூன்று மடங்கு வந்திருக்கிறது.

இப்படி ஒரு கணக்கு வந்தால் முதலில் ஒவ்வொரு பண்பையும் தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். ஊதா 5221, சிவப்பு 1731: மூன்றுக்கு ஒன்று. நீளம் 5224, உருண்டை 1728: அதுவும் மூன்றுக்கு ஒன்று. தனித்தனியே எல்லாம் ஒழுங்கு, சேரும்போதுதான் குலைகிறது. இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதுதான் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. பெற்றோரிடமிருந்து சேர்ந்து வந்த எழுத்துகள் பெரும்பாலும் சேர்ந்தே போகின்றன.

இதற்காகக் கட்டத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஊதாவுக்கு P, நீளத்துக்கு L என்று வைத்து, மேல் வரிசையில் ஒவ்வொரு இனச்செல்லின் அளவையும் சேர்த்து எழுதினால் போதும்: PL 44 சதவீதம், Pl 6, pL 6, pl 44. ppll அறைக்கு 0.44 × 0.44 என்று பெருக்கினால் நூற்றுக்கு 19 கிடைக்கும். 6952 செடிகளில் அது ஏறத்தாழ 1346. அவர்கள் எண்ணியது 1338.