திரையில் ஒரு பச்சைக் கோடு

இரவு அப்டேட் ஆகட்டும் என்று போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிறார் ஒருவர். காலையில் பார்த்தால், திரையின் மேலிருந்து கீழ்வரை அளவுகோல் வைத்து இழுத்தாற்போல ஒரு பச்சைக் கோடு. போன் கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அணைத்துப் போட்டாலும் கோடு அங்கேயே நிற்கிறது. சர்வீஸ் சென்டரில் ஒரே பதில்: “டிஸ்ப்ளேயே மாத்தணும் சார்.” தொகையைக் கேட்டதும், இந்தப் பணத்துக்குப் புது போனே வாங்கிவிடலாமே என்று தோன்றிவிடுகிறது.

ஒரே ஒரு கோட்டுக்கு முழுத் திரையையும் ஏன் மாற்ற வேண்டும்?

அமோலெட் எனப்படும் ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. எவ்வளவு ஒளிர வேண்டும் என்ற கட்டளை, திரையின் கீழ் ஓரத்தில் இருக்கும் டிரைவர் சிப்பிலிருந்து மெல்லிய கம்பித்தடங்கள் வழியாக மேலே ஏறிப் போகிறது. ஒரு தடத்துக்கு ஒரு செங்குத்து வரிசை. அந்தத் தடம் சிப்போடு சேரும் இடத்தில் விட்டுப்போனால் வரிசை முழுவதும் கட்டளை இல்லாமல் நின்றுவிடும். கோடு எப்போதும் நெட்டுக்கு நேராக விழுவது இதனால்தான்.

பச்சைக்கும் காரணம் உண்டு. பெரும்பாலான போன் திரைகளில் சிவப்பும் நீலமும் ஒரே வரிசையில் மாறிமாறி அமர்ந்திருக்கும். பச்சைக்கு மட்டும் தனி வரிசை. பச்சைத் தடம் போனால் பச்சைக் கோடு. பக்கத்துத் தடம் போனால் சிவப்பும் நீலமும் கலந்து இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும்.

தடம் விட்டுப்போனால் வரிசை அணைந்து கறுப்பாகத்தானே ஆக வேண்டும்? இங்கே கணக்கு தலைகீழ். இத்தகைய திரைகள் பலவற்றில் தடத்தில் வோல்டேஜ் ஏறினால் ஒளி குறையும், இறங்கினால் கூடும். இணைப்பு அறுந்து வோல்டேஜ் இறங்கிவிட்டால் அந்த வரிசை முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும்.

இணைப்பு ஏன் அறுகிறது? 1080 புள்ளி அகலமுள்ள திரையில், புள்ளிக்கு இரண்டு என்று சுமார் 2160 வரிசைகள். ஏழு செ.மீ. அகலத்துக்குள் இத்தனையும் அடங்க வேண்டுமென்றால் இரண்டு வரிசைகளுக்கு இடையே தலைமுடியின் பாதித் தடிமன்கூடத் தேறாது. வளையும் திரைகளில் இந்தத் தடங்கள் பிளாஸ்டிக் படலத்தின் மேல் ஓடி, கீழ் ஓரத்தில் பின்பக்கமாக மடிகின்றன. தினமும் போன் சூடாகி ஆறும்போது கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். ஓரத்தில் ஈரம் கசிந்தால் உலோகம் அரிக்கும். அப்டேட்டின்போது போன் நெடுநேரம் சூடாகிறது. ஏற்கெனவே நைந்திருந்த இணைப்பு அந்தச் சூட்டில் விட்டுவிடலாம். பழி அப்டேட்டின் மேல் விழுகிறது.

இந்தியாவில் இந்தப் புகார் பெருகியபோது, ஒன்பிளஸ் நிறுவனம் 2024-இல் தன் அமோலெட் போன்களில் பச்சைக் கோடு விழுந்தால் வாழ்நாள் முழுக்க இலவசமாகத் திரை மாற்றித் தருவதாக அறிவித்தது. திரையின் ஓரத்தை அடைக்கும் பூச்சை வலுப்படுத்தி, 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் சோதிப்பதாகவும் சொன்னது. அதே ஆண்டு சாம்சங்கும் சில பழைய கேலக்ஸி மாடல்களுக்கு, வாரண்டி முடிந்த பிறகும், குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாகத் திரை மாற்றித் தந்தது.

சலுகை இல்லாதவர்களுக்குத்தான் செலவு. மேல் கண்ணாடி, தொடுதிரை, பேனல், டிரைவர் சிப் எல்லாம் பசையால் ஒட்டிய ஒரே அட்டையாக வருகின்றன. பல மாடல்களில் சட்டமும் சேர்ந்தே வரும். உள்ளே விட்டுப்போன தடத்தைச் சேர்க்க நுண்ணோக்கியும், அழுத்தமும் வெப்பமும் தரும் பாண்டிங் மெஷினும் வேண்டும். சில கடைகளில் அது உண்டு. ஆனால் சிப் பிளாஸ்டிக் படலத்திலேயே பதிந்திருந்தால் வேலை கடினம். ஒட்டினாலும் எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மலிவு விலைத் திரைகளில் சில, ஓஎல்இடியே இல்லாத எல்சிடி. அதைப் போட்டால் திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாமல் போகலாம்.

கோடு திரையின் கோளாறுதானா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் கோடு இல்லையென்றால் பழுது திரையில்தான். ரீசெட் செய்து பயனில்லை. போட்டோக்களையும் தொடர்பு எண்களையும் அன்றே பேக்கப் எடுத்துவிடுங்கள். ஒரு தடத்தை விடவைத்த அதே காரணம் பக்கத்துத் தடங்களையும் தொடலாம். ஒரு கோடு பல கோடுகளாகி, திரையில் எதையுமே படிக்க முடியாமல் போன போன்களும் உண்டு.